பாலத்தில் ஓர் இடம், நகரும் ஒரு சுமை

இருபது மீட்டர் நீளமுள்ள ஒரு சிறிய பாலம். ஒரு நாள் அதன் முழு நீளத்துக்கும் ஜனம் நெருக்கியடித்து நிற்கிறது. இன்னொரு நாள் பாதி நீளத்தில் மட்டும் அதே நெருக்கம், மறு பாதி காலி. எந்த நாளில் பாலத்துக்குச் சிரமம் அதிகம்?

முழுவதும் நிரம்பிய நாளில்தான் என்று யாருக்கும் தோன்றும். பாலத்தைக் கீழ்நோக்கி வளைக்கும் விசையைப் பொறுத்தவரை அது சரியான பதில். ஆனால் பாலத்தின் நட்ட நடுவை மேலும் கீழுமாக வெட்டப் பார்க்கும் விசையை மட்டும் எடுத்துக்கொண்டால், முழுக் கூட்டம் அங்கே உண்டாக்கும் விசை பூஜ்ஜியம். பாதிக் கூட்டம்தான் நடுப்பகுதியைச் சோதிக்கிறது. சுமை பாதியாகக் குறைந்தும் ஓர் இடத்தின் பாடு கூடுகிறது.

ஆகவே பாலம் கட்டுபவர் மொத்தச் சுமை எவ்வளவு என்று கேட்பதோடு நிற்க முடியாது. சுமை எங்கே நிற்கும்போது இந்த இடத்துக்கு மிக மோசமான நிலை வரும் என்றும் கேட்டாக வேண்டும். லாரியும் ரயிலும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. இதற்கு ஒரே படத்தில் விடை சொல்லும் வழியை ஜெர்மானியப் பொறியாளர் எமில் விங்க்ளர் 1867-ல் முன்வைத்தார். அப்போது அவர் பிராக் நகரில் பேராசிரியர். ஐரோப்பா எங்கும் ரயில் பாதைகள் பெருகி, கனத்த எஞ்சின்கள் பாலங்களைக் கடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் படத்தின் பெயர் இன்ஃப்ளூயன்ஸ் லைன். தமிழில் செல்வாக்குக் கோடு. சிவில் மாணவர்கள் பலர் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் இந்தக் கோட்டை, கூட்டல் பெருக்கல் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளலாம்.

இரண்டு முனை, ஒரு குறி

நீளமான பாலத்தில் பேருந்தில் போகும்போது, சீரான இடைவெளியில் சக்கரம் 'தடக்' என்று ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு துண்டுப் பாலம் முடிந்து அடுத்த துண்டு தொடங்கும் இணைப்பு அது. பார்வைக்கு ஒரே நீளமாகத் தெரியும் பல பாலங்கள், ஒவ்வொரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் உத்திரங்களின் வரிசைதான். இரண்டு முனைகளிலும் பேரிங் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். முனைகள் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்காது. சுமை ஏறினால் முனை லேசாகத் திரும்பும். வெயிலில் நீண்டால் ஒரு முனை நகரவும் செய்யும். இப்படிப்பட்டதை 'சிம்ப்ளி சப்போர்ட்டட்' உத்திரம் என்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

இருபது மீட்டர் உத்திரத்தில் இடது முனையிலிருந்து 5 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு குறி போடுவோம். குறிக்கு இடப்புறம் 5 மீட்டர், வலப்புறம் 15 மீட்டர். இனி நம் அக்கறை முழுவதும் இந்தக் குறியின்மேல்தான்.

குறி இருக்கும் இடத்தில் உத்திரம் இரண்டு வகைச் சிரமத்தைத் தாங்குகிறது. ஒன்று வெட்டு விசை, களத்தில் ஷியர் என்பார்கள். குறிக்கு இடப்புறத் துண்டு மேலே போகப் பார்க்க, வலப்புறத் துண்டு கீழே இறங்கப் பார்க்கிறது. அந்த வழுக்கலைத் தடுத்துப் பிடித்திருக்கும் விசை அது. மற்றது வளைவுத் திருப்புத்திறன், அதாவது பென்டிங் மொமெண்ட். உத்திரம் தொங்கி வளையும்போது குறியின் அடிப்பக்கம் இழுபட்டு விரியப் பார்க்கும், மேல்பக்கம் நசுங்கப் பார்க்கும். அந்த வளைப்பின் அளவு அது. விசையைத் தூரத்தால் பெருக்கி இதைச் சொல்ல வேண்டும் என்பதால் இதன் அலகு டன்-மீட்டர்.

கான்கிரீட் உத்திரத்தில் இவை விட்டுச்செல்லும் தடயமும் வெவ்வேறு. வளைப்பு மிஞ்சினால் அடிப்பக்கத்திலிருந்து செங்குத்தாக விரிசல் ஏறும். வெட்டு விசை மிஞ்சினால் விரிசல் சாய்வாக ஓடும். பெரும்பாலும் முனைகளுக்கு அருகில் தெரியும். முதல் வகையை அடியில் நீளவாக்கில் ஓடும் முக்கியக் கம்பிகள் தடுக்கின்றன. இரண்டாவதைத் தடுப்பவற்றில் முக்கியமானவை, கம்பி கட்டுபவர்கள் 'ரிங்' என்று சொல்லும் ஸ்டிரப்புகள்.

இரண்டு தராசு, ஒரு கிலோ சர்க்கரை

செல்வாக்குக் கோட்டை வீட்டிலேயே வரைந்து பார்க்கலாம். சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசு இரண்டு வேண்டும். அவற்றின் மேல் ஆளுக்கொரு பென்சிலைக் குறுக்கே வைத்து, பென்சில்களுக்கு இடையே சரியாக ஒரு மீட்டர் இருக்கும்படி ஒரு மரச்சட்டத்தைக் கிடத்துங்கள். சட்டத்தின் எடையைக் கழிக்க இரண்டு தராசையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். இடது பென்சிலிலிருந்து 25 சென்டிமீட்டரில் ஒரு குறி. நம் பாலத்தை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி தயார்.

இப்போது ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை இடது முனையில் வையுங்கள். இடது தராசு 1,000 கிராம் காட்டும், வலது தராசு பூஜ்ஜியம். பொட்டலத்தை வலப்பக்கம் நகர்த்த நகர்த்த இடது தராசு சீராக இறங்கும், வலது தராசு அதே வேகத்தில் ஏறும். குறிக்கு வரும்போது இடது 750, வலது 250. வலது முனைக்குப் போனால் எல்லாம் தலைகீழ். நாலு இடத்தில் எழுதிக்கொண்டு புள்ளிகளைச் சேர்த்தால் இரண்டு நேர்க்கோடுகள் கிடைக்கும். இரண்டு முனைகளும் கொடுக்கும் தாங்கு விசைகளுக்கான செல்வாக்குக் கோடுகள் இவையே. ஒரே ஒரு அலகுச் சுமை நகர்கிறது; அது எங்கே இருக்கும்போது ஓரிடத்தில் எவ்வளவு விளைவு என்பதைக் கோடு காட்டுகிறது. இந்தக் கருத்தில் இதைவிடச் சிக்கலான எதுவும் இல்லை.

இதே எண்களிலிருந்து குறியின் வெட்டு விசையைக் கண்டுபிடிக்கலாம். பொட்டலம் குறிக்கு வலப்புறம் எங்காவது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறிக்கு இடப்புறத் துண்டின்மேல் வேறு சுமையே இல்லை. இடது தராசு மட்டுமே அதை மேலே தள்ளுகிறது. ஆகவே குறியில் வெட்டு விசை, இடது தராசு காட்டும் எண்ணேதான். பொட்டலம் குறிக்கு இடப்புறம் இருந்தால் பார்வையை வலப்புறத் துண்டுக்கு மாற்றுங்கள். அதில் இருப்பது வலது தராசின் தள்ளல் மட்டும். அது வலப்புறத் துண்டை மேலே தள்ளுவதால் வழுக்கும் திசை மாறுகிறது. எண் வலது தராசு காட்டுவது, குறி கழித்தல்.

பொட்டலம் இடது முனையிலிருந்து புறப்பட்டு வரும்போது நடப்பதைப் பாருங்கள். குறியில் வெட்டு விசை பூஜ்ஜியத்தில் தொடங்கி, கழித்தல் பக்கமாக வளர்ந்து, குறியைத் தொடும் கணத்தில் –250 ஆகிறது. குறியைத் தாண்டிய மறுகணம் +750. பிறகு சீராகக் குறைந்து வலது முனையில் பூஜ்ஜியம். தராசுகள் எதிலும் குதிப்பு இல்லை. அவை வழுவழுவென்றே மாறின. குறியில் மட்டும் 1,000 கிராம் குதிப்பு. பொட்டலம் குறியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனதால், அதன் முழு எடையும் எந்தத் துண்டைச் சேர்ந்தது என்பது ஒரு கணத்தில் மாறிவிட்டது. அதுதான் அந்தக் குதிப்பு.

வளைவுத் திருப்புத்திறனுக்கும் இதே வழி. பொட்டலம் குறிக்கு இடப்புறம் இருக்கும்போது வலது தராசின் எண்ணை, அங்கிருந்து குறிவரை உள்ள தூரத்தால், அதாவது 75 சென்டிமீட்டரால் பெருக்குங்கள். வலப்புறம் இருக்கும்போது இடது தராசின் எண்ணை 25 சென்டிமீட்டரால் பெருக்குங்கள். இரண்டு கணக்கும் குறியில் சந்திக்கின்றன. இங்கே குதிப்பு கிடையாது. குறியின்மேல் உச்சி வைத்த ஒரு முக்கோணம்தான் வரும்.

பாலத்துக்கான கோடுகள்

மாதிரியை விட்டு இருபது மீட்டர் பாலத்துக்கு வருவோம். நகரும் சுமை ஒரு டன். வெட்டு விசைக் கோடு இடது முனையில் பூஜ்ஜியம். குறியை நெருங்கும்போது –0.25, குறியைத் தாண்டியதும் +0.75, வலது முனையில் மறுபடி பூஜ்ஜியம். வளைவுத் திருப்புத்திறன் கோடு இரண்டு முனையிலும் பூஜ்ஜியம், குறியின்மேல் உச்சி. உச்சியின் உயரத்துக்கு ஒரு சின்னச் சூத்திரம்: ab/L. இடப்புறத் தூரத்தை வலப்புறத் தூரத்தால் பெருக்கி மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும். 5-ஐ 15-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 3.75 மீட்டர்.

இந்தக் கோட்டின் உயரம் மீட்டரில் வருவது வியப்பாக இருக்கலாம். ஒரு டன் சுமைக்கு இத்தனை டன்-மீட்டர் என்பதால் டன் அடிபட்டுப் போய் மீட்டர் மட்டும் மிஞ்சுகிறது. வெட்டு விசைக் கோட்டுக்கு அலகே இல்லை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. கோடு வரையும்போது உத்திரம் மரமா, இரும்பா, கான்கிரீட்டா என்று நாம் கேட்கவில்லை. அதன் தடிமனையும் கேட்கவில்லை. இரண்டு முனையில் சும்மா உட்கார்ந்திருக்கும் உத்திரத்துக்கு அந்த விவரங்கள் தேவையில்லை. நீளமும் குறியின் இடமும் தெரிந்தால் போதும்.

லாரி ஏறுகிறது

ஓர் உதாரண லாரி. முன் ஆக்ஸில் 6 டன், பின் ஆக்ஸில் 10 டன், இடையே 4 மீட்டர். கோடு கையில் இருப்பதால் வேலை சுலபம்: ஒவ்வொரு ஆக்ஸிலும் நிற்கும் இடத்தில் கோட்டின் உயரத்தைப் படித்து, ஆக்ஸிலின் எடையால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் குறியில் வரும் விளைவு கிடைத்துவிடும்.

லாரி இடமிருந்து வலமாகப் போகிறது. பின் ஆக்ஸில் குறியின்மேல் வரும்போது முன் ஆக்ஸில் இடது முனையிலிருந்து 9 மீட்டரில் இருக்கும். அங்கே முக்கோணத்தின் உயரம் 2.75 மீட்டர். பின் ஆக்ஸில் தருவது 10 × 3.75 = 37.5. முன் ஆக்ஸில் தருவது 6 × 2.75 = 16.5. மொத்தம் 54 டன்-மீட்டர். இதுவே இந்தத் திசையில் உச்சம்.

இந்த விடை எதிர்பார்த்தபடியே இருக்கிறது: கனத்த சக்கரம் உச்சியின்மேல் நின்றால் விளைவு அதிகம். ஆனால் இதை ஒரு விதியாக எடுத்துக்கொண்டால் அடுத்த லாரியிலேயே கணக்கு தப்பிவிடும். அதே லாரி வலமிருந்து இடமாகத் திரும்பி வருகிறது. பின் ஆக்ஸில் குறியின்மேல் வரும்போது முன் ஆக்ஸில் 1 மீட்டரில், முனைக்குப் பக்கத்தில் போய்விட்டது. அங்கே உயரம் வெறும் 0.75. கூட்டினால் 37.5-ம் 4.5-ம் சேர்ந்து 42 டன்-மீட்டர். மாறாக, லேசான முன் ஆக்ஸில் குறியின்மேல் நிற்கும்போது கனத்த பின் ஆக்ஸில் 9 மீட்டரில், 2.75 உயரத்தில் இருக்கிறது. 6 × 3.75 = 22.5, 10 × 2.75 = 27.5, மொத்தம் 50. ஆக, இந்தத் திசையில் உச்சம் தருவது லேசான சக்கரம் குறியின்மேல் நிற்கும் நிலைதான்.

காரணம் முக்கோணத்தின் சரிவில் இருக்கிறது. குறிக்கு இடப்புறம் வெறும் 5 மீட்டரில் உயரம் 3.75-லிருந்து பூஜ்ஜியத்துக்குச் சரிகிறது. வலப்புறம் அதே சரிவுக்கு 15 மீட்டர் இருக்கிறது. செங்குத்தான பக்கத்தில் இறங்கும் சக்கரம் வேகமாகத் தன் பங்கை இழக்கிறது. இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு சக்கரம் குறியைத் தாண்டுவதற்குச் சற்று முன்பும் சற்றுப் பின்பும், குறிக்கு இடப்புறம் உள்ள மொத்தச் சுமையை 5-ஆல் வகுங்கள், வலப்புறம் உள்ளதை 15-ஆல் வகுங்கள். முன்பு ஒரு பக்கமும் பின்பு மறுபக்கமும் பெரிதானால், அந்தச் சக்கரம் குறியின்மேல் நிற்கும் நிலை ஓர் உச்சம். திரும்பி வரும் லாரியில் முன் சக்கரம் தாண்டுவதற்கு முன் இடப்புறம் பூஜ்ஜியம், வலப்புறம் 16-ஐ 15-ஆல் வகுத்த 1.07. தாண்டிய பின் இடப்புறம் 1.2, வலப்புறம் 0.67. பெரிது எது என்பது மாறிவிட்டது; உச்சம் அங்கேதான்.

ஆக, ஒரே லாரி, ஒரே குறி. போகும்போது 54, வரும்போது 50. வாகனத்தை ஒரு திசையில் மட்டும் ஓட்டிப் பார்த்துக் கணக்கை முடித்தால் சரியான உச்சத்தைத் தவறவிடும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

சாலைப் பாலங்களுக்கான விதிகளைத் தரும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், 'கிளாஸ் ஏ' என்ற ஒரு கற்பனை வாகன வரிசையை வகுத்திருக்கிறது. எட்டு ஆக்ஸில்கள்: முதலில் 2.7 டன் இரண்டு, அடுத்து 11.4 டன் இரண்டு, கடைசியாக 6.8 டன் நான்கு. முதல் ஆக்ஸிலிலிருந்து கடைசி ஆக்ஸில் வரை 18.8 மீட்டர், மொத்தம் 55.4 டன். நம் பாலத்தில் அது ஏறினாலும் செய்ய வேண்டியது இதே வேலைதான். இரண்டு பெருக்கலுக்குப் பதில் எட்டுப் பெருக்கல், இரண்டு திசையிலும்.

வெட்டு விசை குறி மாறும் இடம்

இனி வெட்டு விசைக் கோட்டில் அதே லாரியை ஓட்டுவோம். இடமிருந்து வலமாகப் போகும்போது, முன் ஆக்ஸில் குறியைத் தொடும் கணத்தில் பின் ஆக்ஸில் 1 மீட்டரில் இருக்கிறது. இரண்டுமே கழித்தல் பக்கம். 6 × 0.25-உம் 10 × 0.05-உம் சேர்ந்து –2.0 டன். லாரி மேலும் போய், பின் ஆக்ஸில் குறியைத் தாண்டிய கணத்தில் 10 × 0.75-உம் 6 × 0.55-உம் சேர்ந்து +10.8 டன். பின் ஆக்ஸில் குறிக்கு ஒரு மயிரிழை இடப்புறம் இருந்தபோது இதே எண் +0.8 தான். ஒரு மயிரிழை நகர்ந்ததில் 10 டன் வித்தியாசம். அது அந்த ஆக்ஸிலின் எடையேதான். சக்கரம் 'குறியின்மேல்' இருக்கிறது என்று வெட்டு விசைக் கணக்கில் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. சற்று இடப்புறமா, சற்று வலப்புறமா என்று சொல்லியாக வேண்டும்.

பாலத்தின் சொந்த எடையையும் சேர்ப்போம். நம் உத்திரம் மீட்டருக்கு 2 டன் என்று கொள்வோம். நீளமெங்கும் பரவிய சுமைக்கு, கோட்டின் உயரத்துக்குப் பதிலாகக் கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவே அடைபட்ட பரப்பைப் பயன்படுத்த வேண்டும். வெட்டு விசைக் கோட்டில் வலப்புற முக்கோணத்தின் பரப்பு +5.625, இடப்புறத்தது –0.625. கூட்டினால் 5. அதை 2-ஆல் பெருக்க, குறியில் சொந்த எடையால் வரும் வெட்டு விசை 10 டன். லாரி எந்தத் திசையில் எங்கே நின்றாலும் கழித்தல் பக்கம் –2.8 டன்னுக்கு மேல் போகாது. ஆகவே குறியில் மொத்த விசை எப்போதும் ஒரே திசையில்தான் இருக்கும்.

குறியை இப்போது பாலத்தின் நடுவுக்கு மாற்றுங்கள். கோடு இடப்புறம் –0.5 வரை இறங்கி, குதித்து, +0.5-லிருந்து பூஜ்ஜியத்துக்கு வருகிறது. இரண்டு முக்கோணமும் சமம், பரப்பு –2.5, +2.5. சொந்த எடை பாலம் முழுவதும் பரவியிருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நடுவில் சொந்த எடையின் வெட்டு விசை பூஜ்ஜியம். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன முழுக் கூட்டத்துக்கும் இதே கதிதான். மீட்டருக்கு ஒரு டன் வீதம் ஜனம் நின்றாலும் நடுவில் பூஜ்ஜியம். வலது பாதியில் மட்டும் நின்றால் 2.5 டன்.

லாரியோ ஒரே ஓட்டத்தில் நடுவை இரண்டு பக்கமும் வெட்டிப் பார்க்கிறது. இடமிருந்து வலமாகப் போகும்போது, முன் ஆக்ஸில் நடுவைத் தொடும் கணத்தில் –6.0 டன், பின் ஆக்ஸில் நடுவைத் தாண்டிய கணத்தில் +6.8 டன். அந்தச் சில நொடிகளுக்குள் நடுப்பகுதியின் வெட்டு விசை ஒரு திசையிலிருந்து நேரெதிர் திசைக்கு மாறிவிடுகிறது. அதைச் சமன்செய்ய அங்கே சொந்த எடையின் உதவியும் இல்லை.

கம்பி கட்டும்போது இதற்குப் பொருள் உண்டு. சொந்த எடையின் படத்தை மட்டும் பார்த்தவர், நடுவில் வெட்டு விசை இல்லை என்று ஸ்டிரப்புகளை மிகவும் தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்லக்கூடும். செல்வாக்குக் கோட்டைப் பார்த்தவர் அப்படிச் செய்ய மாட்டார். ஒரு பக்கம் மட்டும் சாய்த்து வளைத்த கம்பி ஒரு திசை வெட்டுக்கே உதவும். செங்குத்தான ஸ்டிரப் இரண்டு திசைக்கும் பிடிக்கும். இரும்புச் சட்டகப் பாலங்களில் நடுப்பகுதிச் சாய்வுச் சட்டங்களுக்கும் இதே நிலைதான். ரயில் ஒரு பாதியில் இருக்கும்போது இழுபடும் சட்டம், மறு பாதிக்கு ரயில் போனதும் அழுத்தத்துக்கு உள்ளாகக்கூடும். இழுவையை மட்டும் தாங்கும் மெல்லிய சட்டத்தை அங்கே போட்டால் அது நெளிந்துவிடும். அதனால்தான் பழைய இரும்புப் பாலங்களில் பலவற்றின் நடுக் கட்டங்களில் பெருக்கல் குறி போல இரண்டு சாய்வுச் சட்டங்களைப் பார்க்கிறோம்.

குழப்பமும் சோதனையும்

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வளைவுத் திருப்புத்திறனைக் காட்டும் வழக்கமான படத்தையும் செல்வாக்குக் கோட்டையும் ஒன்றென்று நினைத்துவிடுவார்கள். அந்தக் குழப்பத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஒரு டன் சுமையைக் குறியின்மேல் நிறுத்திவிட்டு வழக்கமான படத்தை வரைந்தால், அதுவும் குறியில் 3.75 உச்சியுள்ள அதே முக்கோணமாகவே வரும். உருவம் ஒன்று, பொருள் வேறு. வழக்கமான படத்தில் சுமை அசையாமல் நிற்கிறது. படம் உத்திரத்தின் எல்லா இடங்களின் நிலையையும் சொல்கிறது. செல்வாக்குக் கோட்டில் சுமை நகர்கிறது; படம் ஒரே ஓர் இடத்தின் நிலையை மட்டும் சொல்கிறது. வெட்டு விசைக்கு வந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். வழக்கமான படத்தில் இரண்டு சமதளப் படிகள் வரும். செல்வாக்குக் கோட்டில் இரண்டு சரிவுகள்.

வரைந்த கோடு சரிதானா என்று பார்க்கவும் எளிய வழிகள் உள்ளன. சுமை தாங்கியின்மேலேயே நின்றால் உத்திரத்துக்கு வேலையில்லை; ஆகவே இரண்டு கோடுகளும் முனைகளில் பூஜ்ஜியமாக வேண்டும். வெட்டு விசைக் கோட்டின் குதிப்பு சரியாக 1 இருக்க வேண்டும். அதன் இரண்டு சரிவுகளும் இணையாக ஓட வேண்டும். இணையாக இல்லையென்றால் எங்கோ பிசகிவிட்டது.

ஏன் இணையாக இருக்க வேண்டும் என்பதற்கு அழகான விளக்கத்தை 1886-ல் ஹைன்ரிஷ் மியுல்லர்-பிரெஸ்லாவ் தந்தார். எந்த விசையின் செல்வாக்குக் கோடு வேண்டுமோ, அந்த விசையைத் தாங்கும் பிடிமானத்தை மட்டும் அந்த இடத்தில் விடுவித்து, உத்திரத்தை அங்கே ஓர் அலகு அசைத்துப் பாருங்கள். அது எடுக்கும் வடிவமே கோடு என்றார். வளைவுத் திருப்புத்திறனுக்குக் குறியில் ஒரு கீல் பொருத்தி, இரண்டு துண்டுகளுக்கும் இடையே ஓர் அலகுக் கோணம் வரும்படி கீலை உயர்த்தினால் முக்கோணம் கிடைக்கிறது. வெட்டு விசைக்குக் குறியில் இரண்டு துண்டுகளும் மேலும் கீழும் வழுக்கலாம், ஆனால் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பக் கூடாது என்று வைத்தால், சரிவுகள் இணையாகத்தான் நின்றாக வேண்டும்.

கோடு சொல்லாதவை

இந்தக் கோட்டுக்கு எல்லைகளும் உண்டு. நாம் கண்ட எண்களெல்லாம் லாரி ஆடாமல் அசையாமல் ஊர்ந்து போவதாகக் கொண்டவை. ஓடும் லாரி குதிக்கும், இணைப்பில் இடிக்கும். அதற்காக ஒரு கூடுதல் பங்கு சேர்க்கிறார்கள். கான்கிரீட் பாலங்களில் கிளாஸ் ஏ சுமைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் தரும் சூத்திரம் 4.5/(6+L). 20 மீட்டருக்கு இது சுமார் 17 விழுக்காடு. நம் லாரிக்கும் அதே பங்கைச் சேர்த்தால் 54 டன்-மீட்டர் 63-ஐத் தாண்டுகிறது. சொந்த எடையின் பங்கு தனி: முக்கோணத்தின் பரப்பு 37.5-ஐ 2-ஆல் பெருக்கினால் 75. இரண்டும் சேர்ந்து குறியில் சுமார் 138 டன்-மீட்டர்.

ஒரு பாலத்தில் பக்கம் பக்கமாகப் பல கர்டர்கள் இருந்தால், லாரியின் எடையில் எந்தக் கர்டருக்கு எவ்வளவு என்பதைத் தனியாகப் பங்கிட வேண்டும். அதையும் இந்தக் கோடு சொல்லாது. பல தூண்களின்மேல் ஒரே துண்டாகத் தொடரும் உத்திரத்தில் கோடுகள் நேராக இல்லாமல் வளைகோடுகளாகிவிடும். அங்கே உத்திரத்தின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதும் கணக்கில் நுழையும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கோடு ஒரே ஒரு குறிக்குத்தான். வேறொரு இடத்தின் நிலையை அறிய வேறொரு கோடு வேண்டும். அதனால் வடிவமைப்பாளர்கள் உத்திரத்தை, உதாரணமாகப் பத்துப் பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் கோடு வரைந்து, ஒவ்வொன்றின் உச்சங்களையும் சேர்த்து ஓர் உறை போல வரைகிறார்கள். கம்பிகளின் அளவு அந்த உறையைப் பார்த்துத்தான் தீர்மானமாகிறது. இன்று இந்த வேலையைக் கணினி சில நொடிகளில் முடித்துவிடுகிறது. ஆனாலும் அது தரும் எண் நம்பத்தக்கதா என்று பார்க்க, மேலே சொன்ன ஐந்தாறு பெருக்கல்களைக் கையால் போட்டுப் பார்ப்பதைவிட விரைவான வழி இல்லை.

இந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாளில் கோடு போடும் முன், எந்தக் குறிக்கு, எந்த விசைக்கு என்ற இரண்டையும் தலைப்பில் எழுதிவிடுங்கள். பிறகு லாரியை இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். பாலத்தை முழுவதும் நிரப்பிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கோட்டின் கூட்டல் பக்கத்தை மட்டுமும் கழித்தல் பக்கத்தை மட்டுமும் நிரப்பிப் பாருங்கள். இத்தனையும் செய்த பிறகு கிடைக்கும் எண்ணை மட்டுமே அந்த இடத்தின் உச்சம் என்று எழுதுங்கள்.